4.2 செ.மீ. கட்டியும் மூன்று மாத மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 28. திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அடிவயிற்றில் இடது பக்கம் வலி வந்ததால் மாதவிலக்கின் 22-ஆம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் 42 × 38 × 35 மி.மீ. கட்டி, “ரத்தக்கசிவுக் கட்டியாகவோ எண்டோமெட்ரியோமாவாகவோ இருக்கலாம், மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்” என்று ரிப்போர்ட். சிஏ-125 ரத்தப் பரிசோதனை 58. மூன்று மாதத்துக்குக் கருத்தடை மாத்திரை எழுதித் தந்து, “கட்டி கரைஞ்சிடும்” என்றார்கள். நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மூன்று வருடமாகவே மாதவிலக்கு வலி கூடிக்கொண்டே வருகிறது, முதல் இரண்டு நாள் வேலைக்குப் போக முடிவதில்லை, உறவின்போதும் உள்ளே வலிக்கிறது. அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயல நினைக்கிறோம். இந்த மாத்திரையால் பிறகு கரு தங்காமல் போய்விடுமோ என்று பயம். நாத்தனார், “மாத்திரையெல்லாம் வேண்டாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துடு” என்கிறார். இது புற்றுநோயா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

புற்றுநோய்ப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். சிஏ-125 அளவு 35-க்கு மேல் இருந்தால் அதிகம் என்று பரிசோதனைச் சாலைகள் குறிக்கும். ஆனால் இந்தப் பொருள் வயிற்றின் உள்ளுறையில் எங்கே எரிச்சல் இருந்தாலும் ரத்தத்தில் கூடும். மாதவிலக்கு நாட்களில் கூடும், கர்ப்பத்தில் கூடும், கருப்பையின் உள்வரி போன்ற திசு வேறு இடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸில் நன்றாகவே கூடும். உங்கள் வயதில் 58 என்ற எண் எதையும் உறுதிப்படுத்துவதில்லை, எதையும் விலக்குவதும் இல்லை. சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளங்கள் ஸ்கேனில்தான் தெரியும்: கட்டிக்குள் சதை போலத் துருத்தி நிற்கும் பகுதி, அந்தப் பகுதிக்குள் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் சேர்தல். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும், “மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்” என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டை எடுத்து, டாப்ளரில் கட்டியின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதவில்லை என்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் இரண்டு பெயர்கள் ஏன் வந்தன என்பது புரிந்துவிட்டால், மாத்திரை, ஆபரேஷன் இரண்டுக்குமான பதில் அதிலேயே பாதி கிடைத்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு சிறு நீர்ப்பை வளரும். அதற்குள்தான் கருமுட்டை இருக்கும். சுமார் 2 செ.மீ. அளவு வளர்ந்ததும் அது வெடித்து முட்டை வெளியேறும். சில மாதங்களில் அது வெடிக்காமல் தொடர்ந்து பெரிதாகும். அதுதான் ஃபாலிக்குலர் சிஸ்ட். வெடித்த பிறகு மிச்சமிருக்கும் பை, கார்பஸ் லூட்டியம் என்ற பெயரில் இரண்டு வாரம் ஹார்மோன் சுரந்துவிட்டுச் சுருங்க வேண்டும். அந்தப் பையின் சுவரில் புதிதாக முளைத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏராளம். அவற்றில் ஒன்று உடைந்து பைக்குள் ரத்தம் நிரம்பினால் அது ரத்தக்கசிவுக் கட்டி. இவை எல்லாமே சினைப்பை தன் வேலையைச் செய்யும்போது வரும் கட்டிகள். டாக்டர்கள் ஃபங்ஷனல் சிஸ்ட் என்பது இவற்றைத்தான். 3 செ.மீ. வரை உள்ள தெளிவான நீர்ப்பையைக் கட்டி என்று சொல்வதே இல்லை. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு அது சாதாரண நிலை.

எண்டோமெட்ரியோமா வேறு கதை. கருப்பையின் உள்வரியில் இருக்கும் திசுவைப் போன்ற திசு சினைப்பையின் மேற்பரப்பில் ஒட்டி வளர்ந்து, மாதவிலக்கோடு சேர்ந்து அங்கேயும் கொஞ்சம் கசியும். வெளியேற வழியில்லை. சினைப்பையின் மேலுறை மெல்ல உள்நோக்கி மடங்கி, அந்தக் குழியில் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகும். நிறத்தை வைத்துச் சாக்லேட் கட்டி என்று பெயர். ஒரு மாதத்தில் உருவாகிற சரக்கு இல்லை இது. ஒரு மாதத்தில் மறையவும் செய்யாது.

இரண்டுக்குள்ளும் இருப்பது ரத்தம்தான். அதனால்தான் ஸ்கேனில் குழப்பம். ரத்தக்கசிவுக் கட்டியில் ரத்தம் புதிது, அது உறைந்துகொண்டிருக்கிறது. மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி வலை போலத் தெரியும், அல்லது உறைகட்டி ஒன்று சுவரோரம் சுருங்கி ஒதுங்கியிருக்கும். எண்டோமெட்ரியோமாவில் ரத்தம் பழையது. உள்ளே முழுக்க ஒரே சீராக, தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். அனுபவமுள்ளவர் நல்ல கருவியில் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். ஆனால் ரத்தம் கசிந்த முதல் சில நாட்களில், இழைகள் உருவாகும் முன்பு, ரத்தக்கசிவுக் கட்டியும் சீரான மங்கலாகவே தெரியும். உங்கள் ஸ்கேன் 22-ஆம் நாள் எடுத்தது. கார்பஸ் லூட்டியம் முழு வீச்சில் இருக்கும் நேரம் அது. அந்த நாளில் இரண்டு பெயரையும் எழுதியவர் பொறுப்பாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரே பெயரை அடித்துச் சொல்லியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது காலம். ரத்தக்கசிவுக் கட்டிக்குள் இருக்கும் உறைந்த ரத்தத்தை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலானவை காணாமல் போகும், அல்லது கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்கும். எண்டோமெட்ரியோமா அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் ஸ்கேனிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விட்டு இரண்டாவது ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம். இரண்டு வாரத்தில் பதற்றப்பட்டு எடுத்தால் கட்டி அங்கேயேதான் இருக்கும், காசும் நிம்மதியும்தான் போகும்.

அந்த ஸ்கேனை எந்த நாளில் எடுப்பது என்பது முக்கியம். மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணி, 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட நாளில் எடுங்கள். போன மாதத்துப் பை சுருங்கியிருக்கும், இந்த மாதத்துப் பை இன்னும் பெரிதாகியிருக்காது. மறுபடியும் 22-ஆம் நாளில் போய் நின்றால் புதிதாக ஒரு கார்பஸ் லூட்டியம் தெரியும். “கட்டி இன்னும் இருக்கு” என்று ரிப்போர்ட் வரும். நீங்கள் பார்த்தது பழைய கட்டி அல்ல, இந்த மாதத்துக் கட்டி என்று யாருக்கும் தெரியாது. முடிந்தால் அதே இடத்தில், பழைய படங்களைக் கையோடு கொண்டுபோய், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் டிவிஎஸ் ஸ்கேனாக எடுங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிட அதில் உள்ளமைப்பு மிகத் தெளிவாகத் தெரியும்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். இரண்டாவது ஸ்கேனில் இடது சினைப்பை சாதாரணமாக இருக்கிறது, கட்டி இல்லை என்று வந்தால், அது ரத்தக்கசிவுக் கட்டிதான். அந்தக் கட்டியைப் பொறுத்தவரை மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. 25 × 20 × 18 மி.மீ. ஆகி, உள்ளே இழைகளோ ஒதுங்கிய உறைகட்டியோ தெரிந்தால், அதுவும் கரைந்துகொண்டிருக்கும் ஃபங்ஷனல் கட்டிதான். 44 × 37 × 36, உள்ளே அதே சீரான மங்கல் என்று வந்தால், எண்டோமெட்ரியோமா என்ற முடிவுக்குப் பெரும்பாலும் வந்துவிடலாம். இங்கே ஒன்று கவனியுங்கள். 42 என்பது 44 ஆனதைப் பார்த்து “வளர்ந்துடுச்சு” என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. கருவியைச் சற்றே சாய்த்து அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும். அது வளர்ச்சி அல்ல, அளவிடுவதில் வரும் வித்தியாசம். மூன்று அளவுகளும் சேர்ந்து கூடியிருக்கிறதா, உள்ளே புதிதாகத் திடமான பகுதி வந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான்காவது ஒரு வாய்ப்பும் உண்டு: இடது பக்கக் கட்டி போய், வலது பக்கம் புதிதாக 3.5 செ.மீ. கட்டி. பக்கம் மாறுவது ஃபங்ஷனல் கட்டிகளின் சுபாவம். அப்போதும் கவலை வேண்டாம்.

இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகும் தெளிவு வராவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும். பழைய ரத்தத்தை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். எடுத்த எடுப்பிலேயே அதற்கு ஓட வேண்டியதில்லை.

அப்புறம், மாத்திரை. “கட்டி கரைஞ்சிடும்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1973-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், சினைப்பைக் கட்டி இருந்த பெண்களுக்கு ஆபரேஷனுக்கு முன் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குக் கட்டி மறைந்தது. மாத்திரை எடுக்காமல் காத்திருந்த ஒரு குழுவை வைத்து அவர்கள் ஒப்பிடவில்லை. தானாகப் போகிற கட்டி, மாத்திரை சாப்பிட்டபோதும் போனது. பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது. அந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் வந்தன. அவற்றைத் திரட்டி ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையில் 8 ஆய்வுகள், 686 பெண்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குக் கட்டி சீக்கிரம் கரையவில்லை. எடுக்காதவர்களுக்கும் இரண்டு மூன்று மாதச் சுழற்சிகளுக்குள் அதேபோலப் போனது. போகாமல் நின்றவை பெரும்பாலும் ஃபங்ஷனல் கட்டிகளே அல்ல. எண்டோமெட்ரியோமா போன்ற வேறு கட்டிகள். ஆக, ரத்தக்கசிவுக் கட்டியை மாத்திரை கரைக்காது. அதைக் கரைப்பது உங்கள் உடல்.

எண்டோமெட்ரியோமாவையும் மாத்திரை கரைக்காது. அதற்குள் இருப்பது தேங்கிக் கெட்டியான பழைய ரத்தம், சுற்றிலும் தடித்த நார்ச்சுவர். மாத்திரை செய்வது, அந்தத் திசு மாதாமாதம் புதிதாகக் கசிவதைத் தடுப்பது. அதனால் சிலருக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கும், பலருக்கு அப்படியே நிற்கும். நிறுத்தியதும் அந்தத் திசு மறுபடி விழித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் உங்கள் டாக்டர் எழுதியது வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. “கரையும்” என்று சொன்ன காரணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் மாத்திரைக்கு இரண்டு உண்மையான வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, வலி. மூன்று ஆண்டுகளாகக் கூடிவரும் மாதவிலக்கு வலி, வேலைக்குப் போக முடியாத இரண்டு நாட்கள், உறவின்போது ஆழத்தில் வலி. சொல்லப்போனால் உங்கள் கடிதத்தில் ஸ்கேன் எண்களைவிட எனக்கு இந்த வரிகள்தான் கனமாகப் பட்டன. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று நினைக்க வைப்பவை இவை. இந்த வலிக்குக் கருத்தடை மாத்திரை நல்ல மருந்து. முட்டை வெளியாவதை நிறுத்தி, கருப்பை உள்வரியை மெல்லியதாக வைத்திருக்கும். கசிவு குறையும், வலி குறையும். இதற்காக எடுப்பதாக இருந்தால், மாதாமாதம் ஏழு நாள் இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வலி வருவதே அந்த இடைவெளியில் ரத்தப்போக்கு வரும்போதுதான் என்றால், இடைவெளி எதற்கு? தொடர்ந்து எடுக்கும்போது ரத்தம் வராததால் எதுவும் உள்ளே “சேர்ந்துவிடாது”. உள்வரி வளர்ந்தால்தானே உதிர்வதற்கு.

இரண்டாவது வேலையைப் பலர் யோசிப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் கலந்த மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் முட்டை வெளியாகாது. முட்டை வெளியாகாவிட்டால் புதிய கார்பஸ் லூட்டியமும் வராது. அப்போது இரண்டாவது ஸ்கேனில் குழப்பம் குறைவு. மாத்திரை எடுத்து மூன்று மாதம் கழித்தும் அதே கட்டி அதே தோற்றத்தில் நிற்கிறது என்றால், “இது புதுசா வந்த ஃபங்ஷனல் கட்டியோ” என்ற சந்தேகத்துக்கு இடம் மிகவும் குறைந்துவிடும். ஆனால் இதற்காக மட்டும் யாருக்கும் மாத்திரை தர வேண்டியதில்லை. சரியான நாளில் ஸ்கேன் எடுத்தாலே போதும். வலிக்காக எடுக்கும்போது இது கூடுதல் வசதி.

எல்லாக் கருத்தடை முறைகளும் இதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் ரத்தப்போக்கையும் வலியையும் நன்றாகக் குறைக்கும், ஆனால் பெரும்பாலானோருக்கு முட்டை வெளியாவதை நிறுத்தாது. அதைப் பொருத்தியவர்களுக்கு ஃபங்ஷனல் கட்டிகள் சற்று அதிகமாகவே தெரியும். அவையும் தானாகப் போகும். “சாதனம் வச்சும் கட்டி வந்துடுச்சே” என்று அதை எடுத்துவிட வேண்டாம்.

நடைமுறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதன் அடுத்த கட்டத்தில் நடப்பது. மூன்று மாத மாத்திரை முடிகிறது, ஸ்கேன் எடுக்கிறார்கள், கட்டி அப்படியே இருக்கிறது. “இன்னும் மூணு மாசம் சாப்பிடுங்க, கரையும்.” அப்புறம் இன்னும் மூன்று. இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். மூன்று மாதத்தில் போகாத கட்டி, தான் ஃபங்ஷனல் கட்டி அல்ல என்று பதில் சொல்லிவிட்டது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, “இது என்ன கட்டி?” என்பது. குழந்தைக்கு முயலக் காத்திருக்கும் உங்களைப் போன்றவருக்கு அந்த ஒரு வருடம் சும்மா போவது நஷ்டம்.

கருத்தரிப்பு பற்றிய உங்கள் பயத்துக்கு நேரான பதில்: மாத்திரை எடுக்கும் காலத்தில் கரு தங்காது, அதுதான் அதன் வேலை. நிறுத்திய பிறகு பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் முட்டை வெளியாவது திரும்பிவிடும். அது கருப்பையையோ முட்டைகளையோ கெடுப்பதில்லை. அதேசமயம், “கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டா எண்டோமெட்ரியோசிஸ் அடங்கி, அப்புறம் சீக்கிரம் கரு தங்கும்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கரு தங்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக இந்த ஹார்மோன்களைத் தருவதில் பலன் இல்லை. 2022-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் அதற்காகத் தர வேண்டாம் என்றே சொல்கின்றன. உங்கள் திட்டம் அடுத்த ஆண்டு என்பதால், இடையில் உள்ள மாதங்களில் வலியைக் கட்டுப்படுத்த மாத்திரை பொருந்துகிறது. திட்டத்தை முன்னால் இழுத்து, அடுத்த மாதமே முயலலாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால், மாத்திரை வேண்டாம். வலி மருந்தோடும் சரியான நாள் ஸ்கேனோடும் நிறுத்திக்கொள்ளலாம். கட்டி கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. தலைவலிக்கு முன் கண்ணில் மின்னலோ கோடுகளோ தெரியும் ஒற்றைத் தலைவலி இருந்தால், ரத்த அழுத்தம் இருந்தால், உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து எடுத்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். கேட்க மறப்பதுண்டு. இவற்றில் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடவே கூடாது. அப்போது டயனோஜெஸ்ட் 2 மி.கி. போன்ற புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையைப் பார்க்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அது நன்றாக வேலை செய்கிறது. முதல் சில மாதம் அவ்வப்போது லேசாக ரத்தம் படும், அதற்காக நிறுத்திவிடுபவர்கள் அதிகம். ஆனால் பல நாடுகளில் அதைத் தனியாகக் கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கவில்லை. அதை எடுக்கும்போது ஆணுறை போன்ற வேறு ஏற்பாடும் வேண்டும்.

இனி நாத்தனார் சொன்ன ஆபரேஷன். இப்போது செய்தால், தானாகப் போகவிருக்கும் கட்டிக்காக மயக்க மருந்தும் தையலும் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. எண்டோமெட்ரியோமா என்றே உறுதியானாலும் அவசரம் இல்லை. காரணம், அதன் அமைப்பு. அந்தக் கட்டியின் சுவர் சினைப்பையின் மேலுறை உள்ளே மடங்கியதால் உருவானது என்று சொன்னேன் இல்லையா. கருமுட்டைகளின் இருப்பு அந்த மேலுறையில்தான் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியின் சுவரை உரித்து எடுக்கும்போது, எவ்வளவு திறமையான கை என்றாலும், அதோடு கொஞ்சம் நல்ல திசுவும் வந்துவிடும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவு ஆபரேஷனுக்குப் பிறகு குறைவது இதனால்தான். இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ, ஒரே பக்கம் இரண்டாம் முறை ஆபரேஷன் செய்தாலோ இழப்பு கூடும். உரிக்காமல் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாமே என்றால், சுவர் அப்படியே இருப்பதால் பெரும்பாலும் சீக்கிரமே மறுபடி நிரம்பிவிடும்.

அதனால் எண்டோமெட்ரியோமா உறுதியானால், வலி எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிது, குழந்தைத் திட்டம் எப்போது என்ற மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். மருந்தில் அடங்காத வலி, தொடர்ந்து பெரிதாகும் கட்டி, சந்தேகமான தோற்றம் இருந்தால் ஆபரேஷன் நியாயம். முடிவு செய்யும் முன் ஏஎம்எச் பார்த்துக்கொள்ளுங்கள். 4 செ.மீ. கட்டி, மாத்திரையில் அடங்கிய வலி, தோற்றத்தில் மாற்றம் இல்லை என்றால் கண்காணிப்பே போதும். முதலில் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், நிலையாக இருந்தால் பிறகு ஆண்டுக்கு ஒன்று. அந்த ஸ்கேன்களில் கட்டியை அளப்பதோடு நிறுத்தாமல், சினைப்பை அசைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தும்போது சினைப்பை வழுக்கி நகர வேண்டும். நகராமல் கருப்பையின் பின்புறம் ஒட்டிக்கிடந்தால் எண்டோமெட்ரியோசிஸ் சுற்றிலும் பரவி ஒட்டல்கள் உண்டாக்கியிருக்கிறது என்று அர்த்தம். உறவின்போது வலி இருப்பவர்களுக்கு இந்தத் தகவல் கட்டியின் அளவைவிட அதிகம் பேசும். பரவல் ஆழமாக இருந்தால் சிறுநீரகத்தையும் ஒருமுறை ஸ்கேனில் பார்க்க வேண்டும். சிறுநீர்க்குழாய் நெரிபட்டாலும் வலி தெரியாமலே இருக்கும்.

மாத்திரை சந்தேகமில்லாமல் பெரிய உதவி செய்யும் ஓர் இடம் ஆபரேஷனுக்குப் பிறகுதான். 2010-ல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், எண்டோமெட்ரியோமாவை அகற்றிய பெண்களை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களில் சுமார் 29 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. மாதாமாதம் இடைவெளி விட்டு எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதம், இடைவெளி விடாமல் எடுத்தவர்களில் சுமார் 8 சதவீதம். இருக்கிற கட்டியைக் கரைக்க முடியாத அதே மாத்திரை, புதிதாக ஒன்று உருவாவதைத் தடுக்கிறது. எடுக்கிற வரைக்கும்தான். உடனே குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால் ஆபரேஷன் எப்போது என்பதையும் கர்ப்பத் திட்டத்தோடு ஒட்டித்தான் யோசிக்கிறோம்.

இரண்டாவது ஸ்கேனில் கட்டி காணாமல் போனாலும் உங்கள் வலியை மறந்துவிட வேண்டாம். கட்டி ஒரு விஷயம், மூன்று வருட வலி இன்னொரு விஷயம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்குச் சினைப்பையில் கட்டியே இருக்காது. சாதாரண ஸ்கேனில் எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். “ஸ்கேன் நார்மல், வலி உங்க மனசுலதான்” என்று யாராவது சொன்னால், எண்டோமெட்ரியோசிஸ் பார்க்கும் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

காத்திருக்கும் இந்த வாரங்களில் எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். திடீரென ஒரு பக்கம் சுருக்கென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி: சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் பிரித்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றலாம், மறுநாள்வரை பொறுத்தால் முடியாமல் போகலாம். வலியோடு தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டையில் குத்தல் இருந்தால் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் இப்படி வலித்தால், முதலில் கர்ப்பப் பரிசோதனை. குழாயில் தங்கிய கருவும் இப்படித்தான் அறிகுறி காட்டும். மாத்திரை ஆரம்பித்திருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கும் இதே அவசரம்.

சாதாரண நாட்களில் வரும் மந்தமான வலிக்கு, வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ இல்லை என்றால் இபுபுரோஃபென் போன்ற வலிமருந்தை உணவுக்குப் பின் எடுக்கலாம். மாதவிலக்கு வலி முற்றிய பிறகு எடுப்பதைவிட, வலி தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே எடுத்தால் நன்றாகக் கேட்கும்.

அடுத்த ஆண்டு முயலும்போது, இரண்டாவது ஸ்கேனில் எண்டோமெட்ரியோமா உறுதியாகியிருந்தால் மற்றவர்களைப் போல ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் பரிசோதனைக்குப் போங்கள், கணவரின் விந்துப் பரிசோதனையும் அதே வாரத்திலேயே நடக்கட்டும். கட்டி இருப்பதாலேயே கரு தங்காது என்று இல்லை, பலருக்கு இயல்பாகவே தங்குகிறது. போகும்போது இரண்டு ஸ்கேன்களின் படங்களும், எந்தெந்த நாளில் எடுத்தது என்ற குறிப்பும், மாத்திரை எடுத்த தேதிகளும் ஒரே கவரில் இருக்கட்டும்.